கண்ணாடி இழை தாங்கும் வெளிச்சம்

நீண்ட தூர ஃபைபர் லைன்களைப் பராமரிப்பவர்களுக்கு நன்கு பழகிய புதிர் ஒன்று உண்டு. ஒரு லைனில் ஏதோ ஓர் அலைநீளத்தில் பிழைகள் கூடத் தொடங்கும். சிக்னல் தேய்ந்து வருகிறது என்று நினைத்து, புறப்படும் முனையில் பவரை இரண்டு டெசிபல் ஏற்றுவார்கள். மறுமுனையில் ஸ்பெக்ட்ரம் அனலைசரை வைத்துப் பார்த்தால், எதிர்பார்த்தபடியே சிக்னலின் கோபுரம் உயர்ந்திருக்கும். அதன் இரு பக்கமும் தரைபோலக் கிடக்கும் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ரிசீவர் காட்டும் பிழை விகிதம் முன்பைவிட மோசமாகியிருக்கும்.

“சார், ஓ.எஸ்.என்.ஆர். ரெண்டு டி.பி. ஏறியிருக்கு. பி.இ.ஆர். மட்டும் ஏன் கெடுது?”

“ஏத்தினதை எடுத்துட்டு, அதுக்கும் கீழ ஒரு டி.பி. இறக்கிப் பாருங்க.”

இறக்கினால் பிழை குறைகிறது. வெளிச்சத்தைக் குறைத்ததும் செய்தி தெளிவாகப் போய்ச் சேருகிறது.

இது அந்தக் கருவியின் கோளாறோ அந்த லைனின் கோளாறோ அல்ல. பூமியில் பதித்திருக்கும் எல்லாக் கண்ணாடி இழைகளுக்கும் உள்ள இயல்பு இதுதான். ஓர் அளவுக்கு மேல் ஒளியை ஏற்றினால் கண்ணாடியே மாறிவிடுகிறது. அந்த அளவு எவ்வளவு, அதை எது தீர்மானிக்கிறது என்பதை ஒரு லைனை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சாலை வழியாகப் போனால் சென்னையிலிருந்து கொல்கத்தா ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்துக்கு ஒரு லைன் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சாதாரண இழையில் 1,550 நானோமீட்டர் அலைநீள ஒளி கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் தேய்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். 80 கிலோமீட்டர் போனால் 16 டெசிபல். அதாவது ஒரு மில்லிவாட் கிளம்பினால் அதில் நாற்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். நடுவில் எந்த உதவியும் இல்லாமல் 1,600 கிலோமீட்டரையும் கடக்கவிட்டால் தேய்மானம் 320 டெசிபல் ஆகிவிடும். ஒரு மில்லிவாட் லேசர் நொடிக்கு ஏறத்தாழ எட்டாயிரம் லட்சம் கோடி ஒளித்துகள்களை அனுப்புகிறது. அப்படி இருந்தும் மறுமுனையில் ஒரே ஒரு துகள் வந்து சேர, சராசரியாக 40 கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கோடு லேசரைப் பெரிதாக்கி மல்லுக்கட்ட முடியாது என்பது எவருக்கும் புரியும்.

எனவே 80 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆம்பிளிஃபையர் வைக்கிறார்கள். எர்பியம் என்ற தனிமம் கலந்த சில மீட்டர் இழைதான் அதன் உயிர்நாடி. 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும் அமெரிக்காவின் பெல் லேப்ஸும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஒளியை மின்சாரமாக மாற்றாமல், ஒளியாகவே நாற்பது மடங்கு பெருக்கித் தருகிறது இந்தச் சிறிய இழை. அதற்கு ஒரு விலையும் உண்டு. தூண்டப்பட்ட எர்பியம் அணுக்கள் சிக்னலுக்காகக் காத்திராமல், தாமாகவும் இடையிடையே ஒளியை உமிழ்ந்துவிடுகின்றன. அதுதான் அனலைசரில் தரையாகத் தெரிந்த இரைச்சல். இன்றைய வேகங்களில் ஓர் அலைநீளத்துக்கு உரிய பட்டைக்குள் ஓர் ஆம்பிளிஃபையர் சேர்க்கும் இரைச்சல் ஏறக்குறைய அரை மைக்ரோவாட். நம் லைனில் இருபது ஆம்பிளிஃபையர்கள் இருப்பதால், கொல்கத்தா முனையில் இரைச்சல் 10 மைக்ரோவாட் ஆகிறது.

இந்த 10 மைக்ரோவாட் சிக்னலின் அளவைப் பொறுத்ததல்ல. அரை மில்லிவாட் அனுப்பினாலும் 10, நான்கு மில்லிவாட் அனுப்பினாலும் 10. அப்படியானால் பவரை இரட்டிப்பாக்கினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் இரட்டிப்பாக வேண்டும். ஒரு நூற்றாண்டாக ரேடியோவும் தொலைபேசியும் இந்த நம்பிக்கையில்தான் ஓடின. கண்ணாடி இழையில் அது எங்கே உடைகிறது?

இழையின் நடுவே ஒளி ஓடும் பகுதி மிகக் குறுகியது. அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 80 சதுர மைக்ரோமீட்டர். முடியின் குறுக்குவெட்டைவிடப் பல மடங்கு சிறியது. ஒரு மில்லிவாட் என்பது கையில் வைத்திருக்கும் லேசர் பாயின்டர் அளவுதான். ஆனால் அந்த ஒரு மில்லிவாட்டை 80 சதுர மைக்ரோமீட்டருக்குள் அடைத்தால், ஒளியின் செறிவு உச்சி வெயிலைப் போல ஏறத்தாழ 12,500 மடங்கு ஆகிறது. ஓர் இழையில் எண்பது அலைநீளங்கள் ஒரே நேரத்தில் ஓடுவது சாதாரணம். அப்போது பத்து லட்சம் மடங்கு. அதுவும் ஒரு கணம் அல்ல, பல கிலோமீட்டருக்குத் தொடர்ந்து.

இவ்வளவு செறிவான ஒளி கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைச் சற்றே உயர்த்துகிறது. மின்புலம் கண்ணாடியின் ஒளியியல் குணத்தை மாற்றும் என்பதை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கெர் 1875-இலேயே கண்டார். ஒளியும் மின்காந்த அலைதான் என்பதால், ஒளியாலும் இதைச் செய்ய முடியும். கண்ணாடி இழைக்குள் அது நிகழ்வதை 1973-இல் பெல் லேப்ஸில் ராஜர் ஸ்டோலனும், பின்னாளில் வேறொரு பணிக்காக நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஆஷ்கினும் அளந்து காட்டினார்கள். மாற்றத்தின் அளவு நம்பமுடியாத அளவுக்குச் சிறியது. ஒரு மில்லிவாட்டுக்கு, ஏறத்தாழ 1.45 ஆக இருக்கும் ஒளிவிலகல் எண் தசமப்புள்ளிக்குப் பின் பதின்மூன்றாவது இடத்தில்தான் அசைகிறது. ஆய்வகத்தில் மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அளந்தால் இது கண்ணிலேயே படாது.

இழையில் படுவதற்குக் காரணம் தூரம். ஒளிவிலகல் எண் உயர்ந்தால் ஒளி சற்றுத் தாமதமாகப் போகிறது. அலையின் ஏற்ற இறக்கம் வரவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறது. இதை அலையின் கட்டம் சுழல்வதாகச் சொல்வார்கள். நம் லைனின் ஒவ்வொரு 80 கிலோமீட்டரிலும், ஒளி இன்னும் வலுவாக இருக்கும் முதல் இருபது கிலோமீட்டரில்தான் பெரும்பகுதிச் சுழற்சி நடக்கிறது. ஒரு மில்லிவாட்டுக்கு அது 1.6 டிகிரி. இருபது கண்டத்துக்கு 32 டிகிரி. பதின்மூன்றாவது தசம இடத்து அசைவு, கொல்கத்தா போய்ச் சேரும்போது கடிகாரத்தில் ஒரு மணிநேர முள் நகரும் அளவைத் தாண்டிவிடுகிறது.

எல்லா நேரமும் ஒரே அளவில் சுழன்றால் கவலையில்லை. ரிசீவர் அதைக் கழித்துவிடும். ஆனால் தகவல் சுமந்த ஒளி ஒரே அளவில் இருப்பதில்லை. இன்றைய லைன்களில் ஒளியின் வலுவிலும் கட்டத்திலும் சேர்த்தே தகவலை ஏற்றுகிறார்கள். பரவலாகப் புழங்கும் ஒரு முறையில் பதினாறு நிலைகள் உண்டு. அவற்றில் சில அடுத்தடுத்த நிலைகளுக்கு இடையே கோண வித்தியாசம் 27 டிகிரிதான். நிலைக்கு நிலை ஒளியின் வலு மாற, அந்தந்த நொடியின் வலுவுக்கு ஏற்பச் சுழற்சியும் மாறுகிறது. ஒரு நிலை இன்னொரு நிலைபோலத் தோற்றமளிக்கத் தொடங்குகிறது.

மழை நனைத்த மண் ரோட்டில் வண்டிகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வண்டி போனால் ரோடு அப்படியே இருக்கும். பாரம் கூடக் கூடச் சக்கரம் பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளத்திலேயே அந்த வண்டியும் ஆடும், பக்கத்தில் வரும் வண்டியும் ஆடும். இழைக்குள்ளும் அப்படித்தான். ஒளி தான் போகும் பாதையைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

பக்கத்து வண்டியின் ஆட்டம்தான் உண்மையில் பெரிய தொல்லை. எண்பது அலைநீளங்களும் ஒரே கண்ணாடியில் ஓடுவதால், ஓர் அலைநீளத்தின் வலு கூடிக் குறையும்போது மற்ற எழுபத்தொன்பதின் கட்டமும் அசைகிறது. அதோடு நிற்பதில்லை. மூன்று அலைநீளங்கள் கண்ணாடியில் கலந்து நான்காவது ஒன்றைப் புதிதாகப் பிறப்பிக்கவும் செய்கின்றன. அதன் அதிர்வெண் முதல் இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து மூன்றாவதைக் கழித்தது. உலகம் முழுக்க லேசர்களை 193.1, 193.2, 193.3 டெராஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில்தான் அடுக்குகிறார்கள். 193.2-ஐ இரட்டித்து 193.1-ஐக் கழித்துப் பாருங்கள். 193.3 வருகிறது. பிறந்த புது ஒளி, மூன்றாவது சிக்னலின் தலைமேலேயே போய் உட்காருகிறது. எந்த வடிகட்டியாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இந்தக் கலப்பு தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு பெரிய திருப்பத்தையே உண்டாக்கியது. 1980களில் பொறியாளர்களின் தலைவலி வேறாக இருந்தது. ஓர் ஒளித் துடிப்புக்குள் இருக்கும் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால், துடிப்பு போகப் போக அகன்று அடுத்த துடிப்போடு கலந்துவிடும். இதை நிறப்பிரிகை என்கிறோம். சாதாரண இழையில் இது 1,310 நானோமீட்டரை ஒட்டிப் பூஜ்யமாகும். ஆனால் தேய்மானம் மிகக் குறைவாக இருப்பதோ 1,550-இல். இழையின் உள் அமைப்பை மாற்றி, 1,550-இலேயே நிறப்பிரிகை பூஜ்யமாகும்படி ஒரு புது இழையை வடிவமைத்தார்கள். ஜப்பான் அதை நாடு முழுக்கப் பெரிய அளவில் பதித்தது. ஓர் அலைநீளம் மட்டும் ஓடிய காலத்தில் அது உன்னதமான இழைதான்.

எர்பியம் ஆம்பிளிஃபையர் வந்ததும் ஒரே இழையில் பல அலைநீளங்களை ஓட்ட வழி பிறந்தது. அந்த உன்னத இழை அப்போதுதான் காலை வாரியது. நிறப்பிரிகை பூஜ்யம் என்றால் எல்லா அலைநீளங்களும் ஒரே வேகத்தில், தோளோடு தோள் உரசியபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. கலப்பில் பிறக்கும் ஒளி ஒவ்வொரு மீட்டரிலும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது. சில மில்லிவாட்டிலேயே சிக்னல்கள் சீரழிந்தன. ஜப்பானில் அலைநீளங்களைச் சமமில்லாத இடைவெளியில் அடுக்கிப் பார்த்தார்கள். 1,580 நானோமீட்டரை ஒட்டிய வேறு பட்டைக்கே குடிபெயர்ந்தும் பார்த்தார்கள்.

பெல் லேப்ஸில் ஆண்ட்ரூ ச்ராப்ளிவியும் ராபர்ட் ட்காச்சும் வேறு விதமாக யோசித்தார்கள். நிறப்பிரிகையை ஒழிக்கவே கூடாது, கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. 1990களின் முதல் பாதியில் அப்படி ஓர் இழை சந்தைக்கு வந்தது. இந்த அலைநீளப் பெருக்கத்துக்குச் செய்த பணிக்காக இருவருக்கும் 2009-இல் மார்கோனி பரிசு கிடைத்தது.

இன்றைக்கு நிலைமை இன்னும் தலைகீழ். 2010 வாக்கில் வந்த புது ரிசீவர்கள், நிறப்பிரிகையால் அகன்ற சிக்னலைச் சிப்புக்குள் கணக்குப் போட்டே சுருக்கிவிடுகின்றன. ஆகவே நிறப்பிரிகை நிறைய இருப்பதே நல்லது என்றாகிவிட்டது. சாதாரண இழையில், பக்கத்து அலைநீளத்தைவிட நம் அலைநீளம் 80 கிலோமீட்டருக்குள் அரை நானோநொடிக்கு மேல் முந்தியோ பிந்தியோ விடுகிறது. அந்த இடைவெளியில் பதினேழு குறியீடுகள் கடந்து போகும். அடுத்த வீட்டுச் சிக்னலின் ஏற்ற இறக்கம் ஒரே இடத்தில் தாக்காமல் பரவிச் சராசரியாகிவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒழித்துக்கட்ட நினைத்த குணமே இப்போது இழையின் பாதுகாப்பாக நிற்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

ஆனாலும் தொல்லை முழுக்கப் போவதில்லை. நிறப்பிரிகையால் நன்றாகக் குலுங்கிய எண்பது சிக்னல்கள் தங்களுக்குள் கலக்கும்போது, விளைவு பார்வைக்கு வெறும் இரைச்சலாகவே இருக்கிறது. இத்தாலியின் தூரின் நகரத்துப் பொறியியல் பல்கலைக்கழகத்தில் பியர்லூயிஜி போஜ்ஜியோலினியின் குழு 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் பயன்படுத்திக்கொண்டது. இதையும் ஓர் இரைச்சலாகவே எடுத்து, ஆம்பிளிஃபையர் இரைச்சலோடு கூட்டிக் கணக்குப் போட்டுவிடலாம் என்று காட்டியது. இன்று லைன்களைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

நாமும் போடலாம். ஒளிவிலகல் எண்ணின் மாற்றம் பவருக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த மாற்றம் சிக்னலின் மேலேயே செயல்படுவதால், சிக்னல் பெரிதாக இருந்தால் கெடுவதும் பெரிதாக இருக்கும். இரண்டும் சேர்ந்து, கலப்பு இரைச்சலின் பவர் சிக்னல் பவரின் மும்மடியாக ஏறுகிறது. பவரை இரண்டு மடங்காக்கினால் கலப்பு இரைச்சல் எட்டு மடங்கு. நம் சென்னை – கொல்கத்தா லைனில் ஓர் அலைநீளத்துக்கு ஒரு மில்லிவாட் வீதம் அனுப்பினால், சாதாரண இழையில் கலப்பு இரைச்சல் ஏறத்தாழ 20 மைக்ரோவாட் வரும். இதை வைத்துக்கொண்டு பவரைப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்போம்.

கால் மில்லிவாட்டில் கலப்பு இரைச்சல் 0.3 மைக்ரோவாட்தான், கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஆம்பிளிஃபையரின் 10 மைக்ரோவாட் மட்டும் மிஞ்ச, சிக்னல் இரைச்சலைப் போல 24 மடங்கு. அரை மில்லிவாட்டுக்கு ஏற்றினால் கலப்பு 2.5 ஆகிறது, மொத்த இரைச்சல் 12.5, விகிதம் 40. நல்ல முன்னேற்றம். 0.63 மில்லிவாட்டில் கலப்பு 5, மொத்தம் 15, விகிதம் 42. ஒரு மில்லிவாட் ஆனதும் கலப்பு 20, மொத்தம் 30, விகிதம் 33-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு மில்லிவாட்டில் கலப்பு 160-க்குப் பாய்கிறது, விகிதம் 12. நான்கு மில்லிவாட்டில் கலப்பு இரைச்சல் 1,280 மைக்ரோவாட், விகிதம் 3.

முன் சொன்ன பதினாறு நிலை முறை, பிழை திருத்தும் கணக்கின் துணையோடு ஓடவே விகிதம் 20-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அரை மில்லிவாட்டில் நிம்மதியாக ஓடிய லைன், இரண்டு மில்லிவாட்டில் முழுக்கப் படுத்துவிடும்.

உச்சம் 0.63 மில்லிவாட்டில் வந்தது தற்செயல் அல்ல. அந்த இடத்தில் கலப்பு இரைச்சல் 5, ஆம்பிளிஃபையர் இரைச்சல் 10, சரியாகப் பாதி. மும்மடியாக ஏறும் எந்தத் தொல்லைக்கும் உச்சம் இந்தப் பாதிப் புள்ளியில்தான் விழும். இன்னொன்றும் இருக்கிறது. லைன் நீளமானால் இரண்டு இரைச்சல்களும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் கூடுகின்றன. அதனால் பத்துக் கண்டமோ நாற்பது கண்டமோ, அனுப்பவேண்டிய சிறந்த பவர் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. ‘தூரம் அதிகம், ஆகவே கூடுதல் பவர்’ என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. இங்கே அது செல்லாது.

அந்தப் பொறியாளரின் புதிருக்கும் இப்போது விடை தெரியும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் இரைச்சலை அளப்பது இரண்டு கோபுரங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில். அங்கே ஆம்பிளிஃபையரின் இரைச்சல் மட்டும் தெரியும். கலப்பு இரைச்சல் பெரும்பாலும் கோபுரத்துக்கு உள்ளேயே, சிக்னலின் அடியில் ஒளிந்துகொள்கிறது. அனலைசருக்கு அது சிக்னலாகவே படுகிறது. உண்மையைச் சொல்வது ரிசீவர் காட்டும் திருத்தத்துக்கு முந்தைய பிழை விகிதம் மட்டும்தான். எனவே பவரை ஒவ்வொரு டெசிபலாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அந்த விகிதத்தைக் குறித்துக்கொள்வதே சரியான வழி. உச்சத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டெசிபல் ஏற்றினால் தரம் ஒரு டெசிபல் ஏறும். அந்தப் பக்கம் போய்விட்டால் ஒரு டெசிபலுக்குத் தரம் இரண்டு டெசிபல் வரை இறங்கும். சரிவு ஏற்றத்தைவிடச் செங்குத்து என்பதால், உச்சத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவைப்பது அனுபவசாலிகளின் பழக்கம்.

கெர் விளைவைத் தவிர வேறு இரண்டும் உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலுவான ஒளி கண்ணாடியில் நுண்ணிய ஒலி அலைகளை எழுப்ப, அந்த அலைகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். பிரில்லுவன் சிதறல் என்பது அதன் பெயர். நிறத்தூய்மை மிகுந்த லேசர் என்றால் சில மில்லிவாட்டிலேயே இது தலைதூக்கும். அதற்கு மேல் எவ்வளவு ஊட்டினாலும் கூடுதல் ஒளி திரும்பி வருமே தவிர, முன்னே போகாது. அனுப்பும் முனையில் திரும்பிவரும் ஒளியை அளந்தால் கையும் களவுமாகப் பிடிபடும். கேபிள் டி.வி. நிலையங்களில் வைக்கும் 1,550 நானோமீட்டர் டிரான்ஸ்மிட்டர்களில் இந்த எல்லையை உயர்த்துவதற்கென்றே லேசரின் அதிர்வெண்ணை லேசாக ஆட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் பெயரில் இருப்பது. 1928-இல் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் கண்ட அதே சிதறல்தான் கண்ணாடி இழையிலும் நடக்கிறது. குறைந்த அலைநீளச் சிக்னல்கள் தம் ஆற்றலை நீண்ட அலைநீளச் சிக்னல்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுக்கின்றன. எண்பது அலைநீளங்களையும் ஒரே உயரத்தில் அனுப்பினாலும், மறுமுனையில் வரிசை ஒரு பக்கம் சாய்ந்தே வந்து சேரும். இந்தச் சாய்வை முன்கூட்டியே ஈடுகட்டிவிடலாம். அதே விளைவைத் திருப்பிப் போட்டு, இழையையே ஆம்பிளிஃபையராக மாற்றவும் செய்கிறார்கள். மூன்றில் இதுதான் நமக்குப் பயன் தரும் தொல்லை.

கெர் விளைவு முறையான, கணக்கில் அடங்கும் விளைவுதானே, அதையும் சிப்புக்குள் கணக்குப் போட்டுத் திருப்பிவிட முடியாதா என்று கேட்கலாம். கொள்கையளவில் முடியும். இழையை எதிர்த்திசையில் கணினியில் ஓட்டிப் பார்ப்பது போன்ற முறை அது. ஆய்வகங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நம் சிக்னலை நம் சிக்னலே கெடுத்த பங்கைத்தான் ஒரு ரிசீவரால் திருத்த முடியும். மற்ற எழுபத்தொன்பது அலைநீளங்கள் என்ன சுமந்து வந்தன என்பது அதற்குத் தெரியாது. அவற்றில் பல நடுவழியில் ஏறி வேறு ஊர்களில் இறங்கியிருக்கும். இதனால் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் ஒரு டெசிபலுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. சிப்பு தின்னும் மின்சாரமோ எகிறுகிறது. பெல் லேப்ஸைச் சேர்ந்த பார்த்தா மித்ராவும் ஜேசன் ஸ்டார்க்கும் 2001-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த எல்லையைத்தான் முதலில் அழுத்தமாகச் சொன்னது. மற்ற அலைநீளங்கள் தெரியாதவரை, பவரை ஏற்ற ஏற்ற இழையின் கொள்ளளவு ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும்.

உச்சத்தையே உயர்த்த சில வழிகள் உண்டு. ஒளி ஓடும் பரப்பை 80-லிருந்து 110, 150 சதுர மைக்ரோமீட்டராக அகலமாக்கினால் செறிவு குறையும். கடலடிக் கேபிள்களில் அப்படிப்பட்ட இழைகளைத்தான் போடுகிறார்கள். தேய்மானத்தையும் கிலோமீட்டருக்கு 0.15 டெசிபலை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் இவை எல்லாம் சேர்ந்து தருவதும் சில டெசிபல்தான்.

கடைசியில் கேபிள் கட்டுகிறவர்கள் வந்து சேர்ந்த முடிவை நம் லைனின் கணக்கிலேயே பார்த்துவிடலாம். சிக்னல் இரைச்சல் விகிதத்திலிருந்து, ஒரு குறியீட்டில் அதிகபட்சம் எத்தனை பிட் ஏற்றலாம் என்று கணக்கிடும் சூத்திரம் கிளாட் ஷானன் 1948-இல் தந்தது. விகிதம் 42 என்றால் 5.4 பிட். இப்போது லேசர் பவரை இரட்டிப்பாக்குங்கள். கலப்பு இரைச்சல் 40-க்கு ஏறி, விகிதம் 25 ஆகி, 4.7 பிட்டுக்குக் குறைகிறது. கூடுதல் பவர் செலவழித்து, இருந்ததையும் இழக்கிறோம். பவரைக் கூட்டாமல், அதே 0.63 மில்லிவாட்டை இரண்டு இழைகளுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால்? ஒவ்வொன்றிலும் விகிதம் 30-ஐ ஒட்டி வரும், ஒவ்வொன்றும் 4.9 பிட் சுமக்கும். இரண்டும் சேர்ந்து 9.8. அதே வெளிச்சத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்குத் தகவல்.

கடலடியில் இந்தக் கணக்குக்கு மதிப்பு இன்னும் கூடுதல். அங்கே ஒவ்வொரு ஆம்பிளிஃபையருக்கும் மின்சாரம் கரையிலிருந்து கேபிள் வழியாகவே போக வேண்டும். அதன் அளவுக்கு வரம்பு உண்டு. 2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையிலிருந்து ஸ்பெயினுக்குப் போடப்பட்ட மரேயா கேபிளில் எட்டு இழை ஜோடிகள். நொடிக்கு 160 டெராபிட் சுமக்கும் என்று வடிவமைத்தார்கள். 2021-இல் அதே வர்ஜீனியா கடற்கரையிலிருந்து ஃபிரான்சுக்குப் போன துனான் கேபிளில் பன்னிரண்டு ஜோடிகள், 250 டெராபிட். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரு ஜோடிக்கு 20 டெராபிட்டை ஒட்டித்தான் வருகிறது. ஓர் இழை சுமப்பது ஏறக்குறைய அப்படியே இருக்க, இழைகளின் எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது. பல ஜோடிகளுக்குச் சேர்த்து ஒரே பம்ப் லேசர்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டோடு வந்தது துனான். அதற்குப் பின் 2022-இல் வந்த கிரேஸ் ஹாப்பர் கேபிளில் ஜோடிகள் பதினாறு.